அரை நிமிட ஒலி, மூன்று வாக்கியம்: ஜப்பானிய மொழியைக் காதால் பிடிப்பதற்கான தினப் பயிற்சி

ஜப்பானில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும் ஒரு கேட்டல் தேர்வு நடக்கும். அதற்கு மொஷிஒகுரி என்று பெயர். இரவுப் பணியில் இருந்தவர் காலையில் வந்தவரிடம் யாருக்குக் காய்ச்சல், யார் சாப்பிடவில்லை, யாரைப் பார்க்க யார் வருகிறார்கள் என்று மளமளவென்று சொல்லிவிட்டுப் போவார். கேட்டவர் அதை மனதில் வைத்து வேலை செய்ய வேண்டும், பிறகு பதிவேட்டில் சுருக்கமாக எழுதவும் வேண்டும். 2019 ஏப்ரலில் தொடங்கிய தொகுதெய் கினோ என்னும் திறன்சார் வேலை விசாவில் பராமரிப்புத் துறைக்குப் போக முயல்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லித் தரும் தினப் பயிற்சி இது. ஒரு சின்ன ஒலித்துண்டைக் கேட்டு, கேட்டதை மூன்றே வாக்கியத்தில் திருப்பி எழுதுவது. மொத்தம் 20 முதல் 25 நிமிடம் ஆகும்.

ஹிராகனா எழுத்துகளைச் சரளமாகப் படிக்க வேண்டும், ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் தேர்வின் முதல் நிலையான என்5 அளவுப் பாடங்கள் முடிந்திருக்க வேண்டும். இவை இரண்டும் இருந்தால் அடுத்த நிலையான என்4 நோக்கிப் போகும்போது இதைத் தொடங்கலாம். அதற்கு முன்னால் தொடங்கினால் காதில் விழுவதெல்லாம் வெறும் சத்தமாகத்தான் இருக்கும்.

ஒலித்துண்டைத் தேர்ந்தெடுப்பது

நீளம் 30 முதல் 45 வினாடி. ஒரே இடம், ஒரே விஷயம், அதிகபட்சம் இரண்டு பேர். முக்கியமாக, பேசியதை அப்படியே எழுதிய பிரதி இருக்க வேண்டும். பிரதி இல்லாத ஒலி எவ்வளவு சுவையாக இருந்தாலும் இந்தப் பயிற்சிக்கு உதவாது, ஏனென்றால் நீங்கள் எங்கே தவறவிட்டீர்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஜப்பான் ஃபவுண்டேஷன் வெளியிட்டிருக்கும் 'இரோதொரி' பாடநூலை முதலில் பாருங்கள். நூலும் ஒலிக்கோப்புகளும் இணையத்தில் இலவசம், கேட்டல் பிரதிகளும் நூலிலேயே இருக்கின்றன. கடையில், வேலையிடத்தில், கிளினிக்கில் நடக்கும் சின்ன உரையாடல்கள் அதில் நிறைய உண்டு. ஜேஎல்பிடி தேர்வின் அதிகாரபூர்வ தளத்தில் மாதிரி வினாக்களின் ஒலியும் பிரதியும் கிடைக்கும். மொஷிஒகுரி மாதிரியான துறை சார்ந்த பேச்சுக்கு உங்கள் ஆசிரியரையோ அங்கே வேலை செய்துவிட்டு வந்த சீனியரையோ கேளுங்கள். கற்பனைப் பெயர் வைத்து அரை நிமிடம் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் போதும், எழுதிய பிரதியை அடுத்த நாள் வாங்கிக்கொள்ளலாம். வேலை செய்யும் இல்லத்தில் நடக்கும் உண்மையான மொஷிஒகுரியைப் பதிவு செய்ய வேண்டாம். அது அங்கே வாழ்கிறவர்களின் உடல்நிலை பற்றிய அந்தரங்கத் தகவல்.

துண்டு உங்கள் அளவுக்கு ஏற்றதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒருமுறை கேட்டதும் எதைப் பற்றிய பேச்சு என்றாவது தெரிய வேண்டும். எல்லாம் முடிந்து பிரதியைத் திறக்கும்போது தெரியாத சொற்கள் ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது. பத்து இருந்தால் அது சொல்வளப் பாடம், கேட்டல் பயிற்சி அல்ல.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த வாரத்துக்கான துண்டுகளை மொத்தமாக எடுத்து வைத்துவிடுங்கள். தினமும் தேட ஆரம்பித்தால் தேடுவதிலேயே 20 நிமிடம் போய்விடும். ஒரு வாரத்துக்கு ஒரே வகை எடுப்பது நல்லது: ஒரு வாரம் வானிலை, ஒரு வாரம் கிளினிக், ஒரு வாரம் மொஷிஒகுரி. அதே சொற்கள் வேறு வேறு குரலில் திரும்ப வரும்போதுதான் காதில் தங்குகின்றன.

முதல் இரண்டு முறை கேட்பது

முதல் முறை பேனாவைத் தொடாதீர்கள். பின்னணிச் சத்தம், யார் பேசுகிறார், எந்த இடம், கவலையான தொனியா வழக்கமான தொனியா என்பதை மட்டும் பிடியுங்கள். இரண்டாவது முறை பேனா எடுக்கலாம், ஆனால் எண்கள், பெயர்கள், வாக்கிய முடிவுகள் ஆகிய மூன்றை மட்டும் குறியுங்கள். வேறு எதையும் எழுத முயன்றால் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அடுத்த வாக்கியம் ஓடிவிடும்.

வாக்கிய முடிவைப் பிடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ் மாதிரியே ஜப்பானிய மொழியிலும் வினை கடைசியில்தான் வரும், இல்லை என்பதும் கடைசியில்தான் வரும், 'என்று சொன்னார்' என்பதும் கடைசியில்தான். அதனால் முடிவுக்குக் காத்திருக்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. சிக்கல் என்னவென்றால், அந்த முடிவைத்தான் அவர்கள் தாழ்ந்த குரலில் முழுங்குவார்கள். 'தபெமசு' என்று எழுதுவது 'தபெமஸ்' என்றுதான் ஒலிக்கும். 'தபெமசென்' என்பதில் கடைசி ஒலி தேய்ந்தால் சாப்பிடுவார், சாப்பிட மாட்டார் இரண்டும் மாறிப்போகும். ஃபோனின் ஸ்பீக்கரில் கேட்காமல் ஹெட்ஃபோன் போடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

குறிப்பை ஹிராகனாவில் எழுதுங்கள். இந்தக் கட்டுரையில் வசதிக்காகத் தமிழ் எழுத்தில் தருகிறேன், உங்கள் நோட்டில் அது வேண்டாம். நமக்குக் 'கல்'லில் வரும் க-வும் 'தங்க'த்தில் வரும் க-வும் ஒரே எழுத்து. ஜப்பானிய மொழியில் அவை இரண்டும் வேறு வேறு ஒலி, பொருளும் மாறும். சாவிக்கும் அவர்களுடைய கக்கிப் பழத்துக்கும் அந்த ஒரு ஒலிதான் வித்தியாசம், தமிழில் எழுதினால் இரண்டும் 'ககி' ஆகிவிடும். தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்கிறவர்கள் இந்தத் தவறை எழுதும்போதே மறைத்துவிடுகிறார்கள், பிறகு அது கண்ணில் படுவதே இல்லை.

நெடில், குறில், இரட்டித்த மெய் ஆகியவற்றில் நம் காது நன்றாகவே வேலை செய்யும். 'யொக்க' என்றால் 4ஆம் தேதி, 'யோக' என்றால் 8ஆம் தேதி. 'யொஜி' என்றால் 4 மணி, 'யோஜி' என்றால் முடிக்க வேண்டிய ஒரு வேலை. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்களுக்கு இது தலைவலி. நமக்கு எரியும் ஏரியும் ஒன்றாகக் கேட்பதில்லை, அந்தக் காதே போதும்.

மூன்று வாக்கியம் எழுதுவது

இரண்டாவது முறை கேட்டதும் ஒலியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடத்துக்குள் எழுதுங்கள். நடுவில் திரும்பக் கேட்கக் கூடாது.

முதல் வாக்கியம்: யார், எங்கே, என்ன நிலை. இரண்டாவது வாக்கியம்: என்ன மாறியது, எதனால், எவ்வளவு. எண்கள் பெரும்பாலும் இங்கேதான் வரும். மூன்றாவது வாக்கியம்: இனி யார் என்ன செய்யப் போகிறார், அதை யார் சொன்னார். மூன்றாவதுதான் கடினம், ஜப்பானியப் பேச்சில் எழுவாயைப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். செய்வது யார் என்பதை வினையின் வடிவத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏன் மூன்று? ஒரே வாக்கியம் என்றால் 'ஒருவருக்கு உடம்பு சரியில்லை' என்று எழுதித் தப்பித்துவிடலாம். ஏழெட்டு என்றால் கேட்டதை அப்படியே சொல்லெழுத்தாக எழுதுவதில் போய் நிற்கும், பொருள் புரியாமலே ஒலியை மட்டும் எழுதிவிட முடியும். மூன்றுக்குள் அடைக்க வேண்டுமென்றால் எது முக்கியம், எதை விடலாம் என்று முடிவு செய்ய வேண்டும், புரியாமல் அது நடக்காது.

எந்த மொழியில் எழுதுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் இரண்டு வாரம் தமிழில் எழுதுங்கள். இதைச் சில ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் ஜப்பானிய மொழியில் எழுதி அது தவறாக இருந்தால் கேட்டதில் தவறா எழுதியதில் தவறா என்று பிரித்துப் பார்க்க முடியாது. தமிழில் எழுதிய சுருக்கம் பிரதியோடு பெரும்பாலும் ஒத்துப்போக ஆரம்பித்ததும் மாறிக்கொள்ளலாம். மாறிய பிறகு, 'தெசு', 'மசு' என்று முடியும் மரியாதை வடிவத்தை விட்டுவிட்டு எளிய வடிவத்தில் எழுதுங்கள். பராமரிப்புப் பதிவேட்டில் எழுதுவதும் அப்படித்தான்.

ஒரு துண்டை எடுத்துப் பார்ப்போம்

சீனியர் ஒருவர் பேசி அனுப்பிய மொஷிஒகுரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் செய்தி இதுதான்: மொரி என்கிற பாட்டிக்கு நேற்று இரவிலிருந்து காய்ச்சல், இன்று காலை 37.8 டிகிரி. காலைச் சாப்பாட்டில் பாதிதான் சாப்பிட்டார். இன்று குளியல் கிடையாது, 10 மணிக்கு நர்ஸ் பார்ப்பார். மதியத்துக்கு மேல் மகன் வருகிறாராம், 4 மணி வாக்கில் ஆகும் என்று சொன்னாராம்.

என்4 படிக்கும் ஒருவர் முதல் முயற்சியில் எழுதக்கூடிய சுருக்கம்: 'மொரி பாட்டிக்குக் காய்ச்சல், 7 அல்லது 8 டிகிரி ஏதோ சொல்கிறார்கள். காலையில் பாதி சாப்பிடவில்லை, குளிக்கவில்லை. 10 மணிக்கு நர்ஸைப் பார்க்கப் போகிறார், மகன் ஒரு வேலையாக வருகிறார்.'

படித்தால் பரவாயில்லை போலத் தோன்றும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் நான்கு இடத்தில் கோட்டைவிட்டிருக்கிறார்.

காய்ச்சல் அளவு. பேச்சில் 37.8 என்பதை 'நன-தொ ஹச்சி-பு' என்று சொல்வது சகஜம், அதாவது 'ஏழு டிகிரி, எட்டு'. முன்னால் உள்ள 30-ஐ விழுங்கிவிடுவார்கள், மனிதருக்கு 7 டிகிரி வராது என்று எல்லோருக்கும் தெரியும். தசமத்துக்கு 'பு' என்று சொல்வதும் பாடநூல் எண் பாடத்தில் கண்ணில் படாத ஒன்று. இவர் ஏழையும் எட்டையும் சரியாகவே கேட்டிருக்கிறார், வழக்கம் தெரியாததால் கேட்டதை நம்பவில்லை.

சாப்பாடு. 'ஹன்புன் ஷிக தபெமசென் தெஷித' என்று வந்தது. 'ஷிக' வந்தால் வினை எதிர்மறையில்தான் முடியும், பொருளோ 'பாதி மட்டுமே சாப்பிட்டார்'. கடைசியில் வரும் எதிர்மறையை மட்டும் பிடித்தவர் 'சாப்பிடவில்லை' என்று எழுதிவிட்டார். பாதியாக இருந்ததால் கணக்கு தப்பித்தது. மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லியிருந்தால் பதிவேட்டில் ஏறும் உணவு அளவு தலைகீழாகியிருக்கும்.

நர்ஸ். 'கங்கொஷி-சன் நி மிதெ மொரைமசு'. 'நி' என்றதும் நாம் 'க்கு' என்று எடுத்துக்கொள்கிறோம், பெரும்பாலான இடங்களில் அது சரிதான். 'மிதெ மொரவு' என்ற வினையோடு வரும்போது 'நி' ஒட்டியிருப்பவர்தான் செயலைச் செய்கிறவர், நாம் அந்த உதவியைப் பெறுகிறவர்கள். பார்ப்பவர் நர்ஸ். பாட்டி எங்கேயும் போகவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் பாட்டியை வீல்சேரில் உட்கார வைத்துக் கிளம்பிவிடுவார்.

மகன். 'யொஜி' என்பதை 'யோஜி' என்று கேட்டிருக்கிறார். நம் காதுக்கு இது எளிது என்று மேலே சொன்னேன், பிறகு ஏன்? நான்குக்கு 'யொன்' என்று மனப்பாடம் செய்தவர் 4 மணியை 'யொன்ஜி' என்று எதிர்பார்த்திருக்கிறார். எதிர்பார்த்தது வராததால் தெரிந்த வேறு சொல்லைப் போட்டு நிரப்பிக்கொண்டார். மணி சொல்லும்போது 4 'யொஜி', 9 'குஜி' ஆகும். அத்தோடு, 'வருகிறாராம்' என்பதில் உள்ள 'ஆம்' அவருடைய சுருக்கத்தில் இல்லை. 'குரு சோ தெசு' என்றால் கேள்விப்பட்ட செய்தி. மகன் வரலாம், வராமலும் போகலாம்.

திருத்திய பிறகு ஜப்பானிய மொழியில் எழுதினால் இப்படி வரும்:

மொரி-சன் வ யூபெ கர நெத்சு க அரி, கெச வ 37.8 தொ தத்த.
அசகொஹன் வ ஹன்புன் தகெ தபெதெ, ஒஃபுரொ வ யசுமு.
10 ஜி நி கங்கொஷி-சன் க மிதெ, கொகொ 4 ஜி கொரொ முசுகொ-சன் க குரு சோ த.

மூலத்தில் இருந்த 'ஷிக'-வும் 'மொரவு'-வும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கேட்ட சொல்லை அப்படியே திருப்பாமல் 'பாதி மட்டும் சாப்பிட்டு', 'நர்ஸ் பார்த்து' என்று நேராகச் சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது என்று நம்பலாம்.

சரிபார்ப்பது

எழுதியதும் உடனே பிரதியைத் திறந்துவிடாதீர்கள். மூன்றாவது முறை கேளுங்கள், இந்த முறை உங்கள் மூன்று வாக்கியத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு. மாற்ற வேண்டியதை வேறு நிற மையில் மாற்றுங்கள். பழையதை அடித்து அழிக்க வேண்டாம், எது முதல் கேட்டலில் வந்தது, எது பிறகு வந்தது என்று தெரிய வேண்டும்.

அப்புறம் பிரதியைத் திறந்து தவறவிட்ட ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள். சொல்லே தெரியாது என்றால் 'சொ'. படித்தால் தெரிகிறது, காதில் விழவில்லை என்றால் 'கா'. சொற்கள் எல்லாம் விழுந்தன, யார் யாருக்குச் செய்தார் என்பது குழம்பியது என்றால் 'யா'.

மூன்றுக்கும் மருந்து வேறு. 'சொ' வந்தால் சொல்லட்டையில் எழுதி நகருங்கள், அதில் நேரம் செலவழிக்காதீர்கள். 'யா' வந்தால் இலக்கணப் புத்தகத்தில் அந்த ஒரு வடிவத்தைப் பார்த்து, அதே வடிவத்தில் ஆளை மாற்றி இரண்டு வாக்கியம் எழுதுங்கள். 'கா'தான் உண்மையான கேட்டல் குறை. அதற்கு அந்த இரண்டு மூன்று வினாடியை மட்டும் வெட்டி ஐந்து முறை ஓடவிட்டு, கூடவே வாய்விட்டுச் சொல்லுங்கள். பேச்சில் ஒலிகள் சுருங்கும் இடங்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டும்: 'தெ இரு' என்பது 'தெரு' ஆகும், 'தெ ஷிமத்த' என்பது 'சத்த' மாதிரி ஒலிக்கும். ஒலியை மெதுவாக ஓடவிடும் வசதியை இந்த இடத்தில் மட்டும் பயன்படுத்தலாம். முதலிலிருந்தே வேகத்தைக் குறைத்துக் கேட்டுப் பழகினால், சாதாரண வேகத்தில் அந்தச் சுருக்கம் என்றைக்கும் பழகாது.

மறுநாள் புதிய துண்டுக்கு முன் நேற்றையதை ஒரே ஒரு முறை கேளுங்கள், எழுதத் தேவையில்லை. நேற்று 'கா' போட்ட இடம் இன்று தானாகவே காதில் விழுந்தால் அதை அடித்துவிடலாம். விழவில்லை என்றால் வாரக் கடைசியில் இன்னொரு முறை.

எங்கே தடம் மாறும்

நோட்டில் வாரம் முழுவதும் 'சொ' மட்டுமே நிறைந்திருந்தால் துண்டு கடினம், ஒரு படி இறங்குங்கள். எந்தக் குறியும் இல்லாவிட்டால் அது சுலபமாக இருக்கிறது, அல்லது எழுதும் முன் பிரதியை எட்டிப் பார்த்திருக்கிறீர்கள்.

பிடிபடாத தவறு ஊகம். வானிலைச் செய்தியில் ஜூன் மாதம் என்று கேட்டாலே 'மழை வரும்' என்று எழுதிவிடலாம், ஜப்பானில் பெரும்பாலான இடங்களில் அது மழைக்காலம். எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து, ஒலியைக் கேட்காமலே இதை எழுதியிருக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அந்த வாக்கியத்தில் ஒரு எண்ணோ பெயரோ நேரமோ சேர்த்தாக வேண்டும்.

தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜேஎல்பிடி-யில் ஒலி ஒரே ஒரு முறைதான் ஓடும், விடை எழுதும் வேலையும் இல்லை, தேர்ந்தெடுத்துக் குறிப்பதுதான். என்4-இல் மொத்தம் 180-க்கு 90 எடுத்தாலும் கேட்டலில் 60-க்கு 19-க்குக் குறைந்தால் தேர்ச்சி கிடையாது. அதனால் வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே முறை கேட்டு உடனே எழுதுங்கள். பேச்சுக்குப் பதில் சொல்லும் திறன் இந்தப் பயிற்சியில் வளராது, அதற்குத் தனியாக ஆள் வைத்துப் பேச வேண்டும்.

நீளத்தை எப்போது கூட்டுவது? சனிக்கிழமை ஒரே முறை கேட்டு எழுதிய சுருக்கத்தில் எண்களும் 'யார்' என்பதும் தொடர்ந்து மூன்று வாரம் சரியாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குப் போகலாம். ஜப்பானில் செய்தி வாசிப்பவர்களின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 300 எழுத்து என்று சொல்வார்கள், ஆகவே ஒரு நிமிடம் என்பது பள்ளிக் கட்டுரைத்தாளின் 400 கட்டங்களில் முக்கால்வாசி. அப்போதும் சுருக்கம் மூன்று வாக்கியம்தான், நான்காக்க வேண்டாம்.